பிஷப்புக்கு வழி இருக்கிறதா?

கறுப்பில் ஆடும் கிளப் ஆட்டக்காரருக்கு e4-க்கு ஒரே ஒரு பதில் போதும். என் தேர்வு காரோ-கான்: e4, c6, d4, d5. c6 சிப்பாய் d5-ஐத் தாங்குகிறது, பிஷப்பின் வழியும் அடைபடவில்லை. ஆகவே பிஷப் வெளியே வந்த பிறகே e6.

வெள்ளை e5 தள்ளினால் பிஷப் f5-க்கு வரும். அடுத்து e6, பிறகு c5 தள்ளி d4-ஐத் தாக்கலாம்.

மனப்பாடக்காரர் வெள்ளையின் h4-க்கும் e6 என்றே ஆடுவார். அங்கேதான் வினை. g4 பிஷப்பை e4-க்கு விரட்டும், f3 அதை g6-க்குத் தள்ளும், h5 வந்ததும் பிஷப் போச்சு! அதற்கு ஓட வழியுண்டா என்று பார்ப்பவரோ h4-க்கு h5 என்று பதில் தருவார். பிறகு g4 வந்தால் வெட்டிவிடலாம்.

இரண்டையும் பலகையில் வைத்துப் பாருங்கள்.