நேற்று கூட்டம் சேர்ந்த விலை

பங்குச் சந்தையில் எந்த நேரத்தில் வியாபாரம் குவிந்தது என்பதைவிட, எந்த விலையில் குவிந்தது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். நிஃப்டி ஃபியூச்சர்ஸின் நேற்றைய ஒரு நிமிடத் தரவை 10 புள்ளிப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கைமாறிய அளவைக் கூட்டினால் போதும். பைத்தானில் ஒரே வரி:

```
poc = df.groupby(df.close // 10 * 10).volume.sum().idxmax()
```

அதிக அளவு சேர்ந்த படி 24,500 என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி, மொத்த அளவில் 70 சதவீதம் அடங்கும் பகுதி 24,440 முதல் 24,560 வரை. இன்று விலை 24,440-க்குக் கீழே தொடங்கி, மேலேறி உள்ளே நிலைத்தால் வாங்கலாம், இலக்கு 24,500. மறுபடி கீழே நழுவினால் உடனே வெளியேற வேண்டும். ஒரே திசையில் ஓடும் நாளில் இந்த எல்லைகள் தாங்குவதில்லை.

பழைய தரவில் சோதிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். அன்றைய அளவையும் சேர்த்து எல்லை போட்டால் இல்லாத லாபம் தெரியும். முடிந்த நாளின் தரவை மட்டும் எடுங்கள்.