25,000 வாடகை, 52,000 தவணை

"வாடகையிலேயே லோன் அடைஞ்சுடும் சார்." வீடு பார்க்கப் போகும் எல்லோரிடமும் தரகர்கள் சொல்லும் வாக்கியம் இது. உண்மையா என்று பார்க்க ஒரு வெள்ளைத்தாளும் பத்து நிமிடமும் போதும்.

சென்னை வேளச்சேரிப் பக்கம் ஆயிரம் சதுர அடி ஃப்ளாட் ஒன்று, விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக் கட்டணத்தையும் சேர்த்து மாத வாடகை 25,000. ஆண்டுக்கு 3 லட்சம் வருகிறது. விலையோடு ஒப்பிட்டால் 3.75 சதவீதம். விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். ஆனால் இதில் பாதி உண்மைதான் இருக்கிறது.

குடியிருந்தவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதமாவது போய்விடும். அந்த வகையில் 25,000 போச்சு. சங்கத்துக்கு மாதம் 2,500 வீதம் 30,000. சொத்துவரி 6,000. பெயின்ட், குழாய் ரிப்பேர், தரகர் கமிஷன் எல்லாம் சராசரியாக 19,000. ஆக 80,000 கழிந்து கையில் நிற்பது 2.2 லட்சம். இதை 80 லட்சத்தால் வகுத்தால் 2.75 சதவீதம். கடன் தவணையைக் கழிக்காமல், செலவை மட்டும் கழித்துக் கிடைக்கும் இந்த விகிதத்தைத்தான் மதிப்பீட்டாளர்கள் 'கேப் ரேட்' என்கிறார்கள். (அந்த 25,000 நிஜமாகவே வருகிறதா என்பதை விற்பவரின் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பாருங்கள். வீடு எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாதது இல்லை.)

கேப் ரேட்டைத் திருப்பிப் போட்டால் அதுவே விலை சொல்லும் கருவியாகிவிடும். நிகர வாடகையை, வாங்குபவர் எதிர்பார்க்கும் விகிதத்தால் வகுத்தால் சொத்தின் மதிப்பு வரும். பெரிய அலுவலகக் கட்டடங்களைச் சுமார் 8 சதவீதத்தில் மதிப்பிடுவது வழக்கம். அதே அளவுகோலை நம் ஃப்ளாட்டுக்கு வைத்தால் 2.2 லட்ச வருமானத்துக்கு 27.5 லட்சம்தான் பெறும்! மீதி ஐம்பத்திரண்டு லட்சத்துச் சொச்சத்தை எதற்குக் கொடுக்கிறோம்? நாளை வாடகை ஏறும், நிலத்தில் நமக்குள்ள பங்கின் விலை ஏறும் என்ற நம்பிக்கைக்கு. அந்த நம்பிக்கைக்கும் அளவு உண்டு. போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 9 சதவீதம் வேண்டும் என்பவருக்கு வாடகை கொடுப்பது 2.75. மீதி 6.25 சதவீதம் ஆண்டுதோறும், இடைவிடாமல், வாடகையும் விலையும் ஏறியே வர வேண்டும். ஒப்பந்தங்களில் நாம் பழக்கமாக எழுதிக்கொள்வதோ 5 சதவீத உயர்வு.

இப்போது கடனுக்கு வருவோம். 60 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 52,000. கடனாக வாங்கும் ஒவ்வொரு லட்சமும் ஆண்டுக்கு 8,500 ரூபாய் வட்டி தின்கிறது, ஈட்டித் தருவது 2,750 ரூபாய். கேப் ரேட் வட்டியைவிடக் குறைவாக இருக்கும்போது கடன் கூடக் கூட வருமானம் தேயும். வட்டி கட்டுகிறோமே என்று வாடகை கூடாது. குடியிருப்பவருக்கு நம் கடன் பற்றி என்ன அக்கறை?

முதல் ஆண்டு வட்டி மட்டும் சுமார் 5.06 லட்சம். வாடகை போக 2.86 லட்சம் பள்ளம். முன்பணம் 20 லட்சம், முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என 9 சதவீதத்துக்கு 7.2 லட்சம்; இந்த 27.2 லட்சம் டெபாசிட்டில் 7 சதவீதத்தில் இருந்திருந்தால் 1.9 லட்சம் கிடைத்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 4.76 லட்சம். வீட்டின் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால்தான் நஷ்டமில்லாமல் நிற்போம். வருமான வரியின் பழைய முறையில், வீட்டுக் கணக்கில் வரும் நஷ்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், பள்ளம் கொஞ்சம் குறையும். புதிய முறையில் அதுவும் கிடையாது.

வட்டி ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதமானது. 60 லட்சக் கடனில் அது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல் வட்டி. வங்கிகள் பலருக்குத் தவணையை உயர்த்தாமல் காலத்தை நீட்டியதால் வலி உடனே தெரியவில்லை. வட்டி ஏறும் காலத்தில் வாங்குபவர்களும் கூடுதல் வருமானம் கேட்பார்கள். கேப் ரேட் 2.75-லிருந்து 3.25 ஆனாலே போதும், அதே வாடகைக்கு அதே ஃப்ளாட்டின் மதிப்பு 67.7 லட்சமாகிவிடும். சுவரில் ஒரு விரிசல்கூட விழாமல் 12 லட்சம் காணாமல் போகும்.

தரகர் சொன்னதும் பொய்யில்லைதான். 2.2 லட்சத்தில் ஆண்டுத் தவணை கட்டி முடிகிற கடன் ஏறத்தாழ 21 லட்சம். பதிவுச் செலவோடு மீதி 66 லட்சத்தை ரொக்கமாக வைத்திருப்பவருக்கு, வாடகையிலேயே லோன் அடைந்துவிடும்.