நாலின் மேல் ஒன்று, ஐந்தில் ஒன்று

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள்தான் கடித்துப் பார்த்துத் தேடுவார்கள். சிறுபயற்றை வறுத்துத் திரித்து, தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, சூடான பாகு ஊற்றிக் கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறவிட்டால் உருண்டை உதிர்ந்துவிடும். பிறகு மூன்று மூன்று உருண்டைகளாக மஞ்சள் போட்ட அரிசிமாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டால், கொடிமுந்திரிக் குலை மாதிரி ஒட்டிக்கொண்டு எழும்பி வரும்.

தோவாளையில் இருக்கிற என் சித்தி இதைச் செய்து விற்கிறார். ஒரு பொட்டலத்துக்குப் பயறு, பாகு, எண்ணெய், விறகு, உறை, உதவிக்கு வரும் அக்காவின் கூலி எல்லாம் சேர்த்து 80 ரூபாய் அடக்கம். வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கு 100 ரூபாய். பொட்டலத்துக்கு 20 ரூபாய் மிச்சம்.

ஒரு நாள் நாகர்கோவிலில் ஒரு பலகாரக் கடைக்காரர், "எங்க கடையில வையுங்க, எனக்கு 20 சதவீதம் மார்ஜின் போதும்" என்றார். சித்திக்குச் சந்தோஷம். தன் கைக்கு வழக்கம்போல 100 ரூபாய் வர வேண்டும், கடைக்காரருக்கு 20 சதவீதம் போக வேண்டும். நூற்றுக்கு 20 சதவீதம் 20 ரூபாய். இரண்டையும் கூட்டி, அதிகபட்ச சில்லறை விலை 120 ரூபாய் என்று லேபிள் அடித்து, 60 பொட்டலம் அனுப்பிவிட்டார். வர வேண்டிய பணம் 6000 ரூபாய் என்று நாள்காட்டியில் எழுதியும் வைத்தார்.

எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வந்த பணம் 5760 ரூபாய்.

கூடவே கடைக்காரர் ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்திருந்தார். 60 பொட்டலம், 120 வீதம் 7200. கழிவு 20 சதவீதம் 1440. பாக்கி 5760. சித்தி அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, "மக்கா, 240 ரூபாயை அமுக்கிட்டாரு பாத்தியா? நான் 20 சதவீதம் கூட வச்சுத்தானே அடிச்சேன்?" என்றார்.

நான் மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். சீட்டில் ஒரு தப்பும் இல்லை. சித்தியின் கூட்டலிலும் தப்பில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை. ஆனாலும் 240 ரூபாய் காணவில்லை. அது எங்கே போனது என்று கண்டுபிடிக்க எங்களுக்குக் கொஞ்சம் புளியங்கொட்டை தேவைப்பட்டது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு போதும்.

முதலில் கடையை மறந்துவிட்டு, வீட்டு விற்பனையை மட்டும் பாருங்கள். ஒரு கொட்டை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 80 ரூபாய், அதற்கு நாலு கொட்டை. லாபம் 20 ரூபாய், அதற்கு ஒரு கொட்டையைப் பக்கத்தில் வையுங்கள். ஐந்தும் சேர்ந்தது விலை, 100 ரூபாய். இப்போது அந்த லாபக் கொட்டை எத்தனை சதவீதம்?

அடக்கத்தைப் பார்த்துச் சொன்னால், நாலின் மேல் ஒன்று வைத்திருக்கிறோம். அது கால் பங்கு, 25 சதவீதம். விலையைப் பார்த்துச் சொன்னால், ஐந்தில் ஒன்று நம்முடையது. அது 20 சதவீதம். கொட்டை ஒன்றுதான், ரூபாயும் அதே 20தான், ஆனால் அதற்கு இரண்டு விதமான சதவீதம். முதலின் மேல் எவ்வளவு ஏற்றினோம் என்பதை வியாபாரத்தில் மார்க்கப் என்கிறார்கள். விற்ற விலையில் நமக்கு எவ்வளவு என்பது மார்ஜின். தமிழில் 'மேல்' என்று சொன்னால் ஒன்று, 'இல்' என்று சொன்னால் இன்னொன்று. அந்தச் சின்னச் சொல்லைக் காதில் வாங்கினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இனி கடைக்குப் போவோம். கடைக்காரர் கேட்டது மார்ஜின். பொட்டலத்தில் அடித்த விலையில் ஐந்தில் ஒன்று அவருக்கு. அப்படியென்றால் சித்திக்கு ஐந்தில் நாலு. சித்திக்கு வேண்டியது 100 ரூபாய், ஆகவே நாலு கொட்டை சேர்ந்து 100. இந்தக் கணக்கில் ஒரு கொட்டைக்கு மதிப்பு 20 இல்லை, 25 ரூபாய். ஐந்தாவது கொட்டையையும் சேர்த்தால் 125. லேபிளில் அடித்திருக்க வேண்டியது இந்த 125தான்.

சித்தி என்ன செய்தார்? 100 ரூபாயை ஐந்து கொட்டையாக்கி, அதன் மேல் ஆறாவதாக ஒன்றை வைத்தார். ஆக, கடைக்காரருக்கு அவர் ஒதுக்கியது ஆறில் ஒன்று. கடைக்காரர் கேட்டதோ ஐந்தில் ஒன்று. குறைந்ததைச் சித்தியின் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டார். பொட்டலத்துக்கு 4 ரூபாய், 60 பொட்டலத்துக்கு 240.

இதை அறிந்ததும் சித்தி, "நாலு ரூவாதானே, போட்டு" என்றார். எனக்கு அதை விட்டுவிட மனமில்லை. 120 ரூபாய்ப் பொட்டலத்தில் 4 ரூபாய் சின்னதுதான். ஆனால் சித்திக்கு மிஞ்சுவது பொட்டலத்துக்கு 20 ரூபாய். அதில்தான் இந்த 4 ரூபாய் குறைகிறது. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 60 பொட்டலம் உருட்டினதில் 12 பொட்டலத்தைச் சும்மா உருட்டிக் கொடுத்த மாதிரி. அடுப்படியில் நின்று, கை சிவக்க உருட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஏன் சரியாக 4 ரூபாய் குறைந்தது? இதில் ஓர் அழகு இருக்கிறது. கடைக்காரர் 20 சதவீதம் எடுத்தது 100 ரூபாயில் மட்டும் இல்லை. சித்தி அவருக்காகக் கூட்டி வைத்த 20 ரூபாயும் அந்த 120க்குள் இருக்கிறது, அதிலும் 20 சதவீதம் எடுத்தார். 20இல் 20 சதவீதம் 4 ரூபாய். ஆக, குறையும் தொகையைக் கண்டுபிடிக்க, சதவீத எண்ணை அதே எண்ணால் பெருக்கி 100ஆல் வகுத்தால் போதும். இருபது இருபது 400, வகுத்தால் 4. கைக்கு 100 ரூபாய் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் எந்தச் சதவீதத்துக்கும் இது பொருந்தும்.

இப்போது அந்தச் சதவீதத்தை ஏற்றிப் பாருங்கள். 10 சதவீதம் கேட்கிற கடையில் குறைவது 1 ரூபாய்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். 40 சதவீதம் கேட்கிற பெரிய கடைக்கு சித்தி 140 என்று அடித்தால், கடை எடுப்பது 56, சித்திக்கு வருவது 84. குறைந்தது 16 ரூபாய், மிஞ்சுவது வெறும் 4. 50 சதவீதம் என்றால் 150 அடித்து 75 வரும். அடக்கமே 80 ஆயிற்றே, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 5 ரூபாய் கைநஷ்டம்! சதவீதம் இரண்டு மடங்கானால் குறைவது நாலு மடங்காகிறது. அதனால்தான் சிறிய கழிவில் பழகியவர்கள், பெரிய கடைக்குச் சரக்கு போடும்போது திடீரென்று அடிபடுகிறார்கள்.

இதில் சித்தியின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பள்ளியில் நாம் படித்த கணக்கு அப்படி. புத்தகத்தைத் திறந்து பாருங்கள். லாப சதவீதம் கேட்டால் அடக்க விலையின் மேல் கணக்கிடுவோம். தள்ளுபடி சதவீதம் கேட்டால் குறித்த விலையில் கணக்கிடுவோம். இரண்டு அடிப்படையும் ஒரே பாடத்தில் இருக்கின்றன. ஆனால் கடைக்காரரின் மார்ஜின் லாபக் கணக்கு மாதிரி இல்லை, தள்ளுபடிக் கணக்கு மாதிரி என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

பக்கத்து வீட்டு மாமா தோவாளைச் சந்தைக்குப் பிச்சியும் அரளியும் கொண்டுபோகிறவர். சித்தி கதையைச் சொன்னதும் அவர் உடனே, "கமிஷன்னா வித்த பணத்துலதானே பிடிப்பாவ, வேற எதுல பிடிப்பாவ?" என்றார். பூ விற்றுத் தருகிறவருக்கு அதைப் பறிக்க நமக்கு என்ன செலவானது என்று தெரியாது. தெரிவது விற்ற தொகைதான். கடைக்காரர் நிலையும் அதுவே. அவர் கண்முன் இருப்பது லேபிள் விலை. செய்கிறவர் கண்முன் இருப்பது அடக்கம். ஒவ்வொருவரும் தன் கண்ணில் படுகிற எண்ணிலிருந்து சதவீதம் பேசுகிறார்.

குழப்பம் இன்னொரு வழியாகவும் வந்தது. அதைச் சித்தி பணம் போட்டு வைக்கிற டப்பாவில்தான் கண்டேன். வீட்டு விற்பனையில் 25 சதவீத லாபம் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் விற்ற பணம் 6000 சேர்ந்ததும், அதில் கால் பங்கு 1500 ரூபாயை லாபம் என்று எடுத்துச் செலவு செய்துவிடுவார். கொட்டையைப் பாருங்கள்: விற்ற பணத்தில் லாபம் ஐந்தில் ஒன்று, 1200தான். மேலே எடுத்த 300 ரூபாய் முதல். டப்பாவில் 4500 இருக்கும், அடுத்த 60 பொட்டலத்துக்கு 4800 வேண்டும். எண்ணெய் வாங்கப் போகும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் துண்டு விழும். சரக்கெல்லாம் விற்கிறது, லாபம் வருகிறது, ஆனால் முதலுக்குப் பணம் இல்லை என்று யாராவது சொன்னால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

விலையைச் சரியாகப் போட்டோமா என்று பார்க்க, லேபிளிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். 125இல் 20 சதவீதம் 25, கழித்தால் 100, சரி. 120இல் 20 சதவீதம் 24, கழித்தால் 96, தப்பு. விலை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் கடைக்காரர் எடுத்தது போக நமக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்து, அதனால் வகுக்க வேண்டும். 20 போனால் மீதி நூற்றுக்கு 80, அதாவது 0.8. ஆகவே 100ஐ 0.8ஆல் வகுத்தால் 125. இதை லேபிள் அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், ஏனென்றால் பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் எந்தக் கடையும் விற்கக் கூடாது. அது சட்டம்.

125 ரூபாய்க்கு ஆட்கள் வாங்குவார்களா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. வாங்க மாட்டார்கள் என்றால் சித்தி பொட்டலத்தைச் சிறிதாக்கலாம், அல்லது 96 போதும் என்று தெரிந்தே ஒத்துக்கொள்ளலாம். தெரியாமல் 4 ரூபாயை விடுவதுதான் கூடாது.

அடுத்த வாரம் சித்தி கடைக்காரரிடம், "உங்க 20 சதவீதம் அடிச்ச விலையிலதானே?" என்று முதலில் கேட்டார். ஆமாம் என்றார் அவர். சித்தி 125 என்று புது லேபிள் அடித்துக் கொடுத்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கி அடுக்கி வைத்தார். 120 அடித்த பழைய லேபிள் இன்னும் ஒரு கட்டு இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு 100 ரூபாய்க்குக் கொடுக்கிற பொட்டலங்களில் அதை ஒட்டித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.