கூடுதல் இடம் யாருக்கு?

ஒரு கடையின் சரக்கு இருப்பைக் காட்டும் மென்பொருளைத் திறக்கிறோம். மேலே தேடல் பெட்டி, நடுவில் பொருட்களின் பட்டியல், கீழே இரண்டு பொத்தான்கள். பட்டியலில் பொருளின் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறதே என்று ஜன்னலைப் பெரிதாக்குகிறோம். ஜன்னல் திரை முழுக்க விரிகிறது. உள்ளே இருப்பவை மட்டும் இடது மேல் மூலையிலேயே பழைய அளவில் நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறம். பெரிதாக்கியும் ஓர் எழுத்துகூட அதிகமாகத் தெரியவில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. பழைய விஷுவல் பேசிக் 6 காலத்தில் எழுதத்தான் வேண்டியிருந்தது. ஜன்னல் அளவு மாறும்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் நாமே கணக்கிட்டுத் தர வேண்டும். 2002இல் டாட் நெட்டோடு வந்த விண்டோஸ் ஃபார்ம்ஸ், அந்தக் கணக்கை இரண்டு பண்புகளிடம் ஒப்படைத்தது. ஒன்று `Anchor`, மற்றொன்று `Dock`. ஜன்னல் விரியும்போது கிடைக்கும் கூடுதல் இடம் யாருக்குப் போக வேண்டும் என்பதை நாம் சொல்லிவிட்டால் போதும், கணக்கை அவை பார்த்துக்கொள்ளும்.

முதலில் ஆங்கர். ஒரு கண்ட்ரோல், தான் இருக்கும் ஃபார்மின் எந்த விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்தத் தூரத்தை மாறாமல் காப்பதுதான் இதன் வேலை. நாம் எதையும் தொடாவிட்டால் எல்லாக் கண்ட்ரோலுக்கும் `Top, Left` என்றே இருக்கும். மேல் விளிம்பும் இடது விளிம்பும் நகர்வதில்லை என்பதால் கண்ட்ரோலும் நகர்வதில்லை. நம் மென்பொருள் மூலையில் ஒடுங்கியதற்கு இதுதான் காரணம்.

நம் ஃபார்மையே எடுத்துக்கொள்வோம். உள்பரப்பு 600 பிக்சல் அகலம், 400 பிக்சல் உயரம். தேடல் பெட்டி இடமிருந்து 80இல் தொடங்கி 500இல் முடிகிறது. அதன் வலப்பக்கம் ‘தேடு’ பொத்தான், 510 முதல் 588 வரை. நடுவில் பட்டியல், நாலு பக்கமும் சிறிது இடம் விட்டு. கீழே வலது மூலையில் ‘சேமி’, ‘மூடு’ என்ற பொத்தான்கள்.

ஃபார்ம் 1000க்கு 700 ஆக விரிகிறது என்றால் அகலத்தில் 400, உயரத்தில் 300 பிக்சல் கூடுகிறது. இதைப் பங்கிட வேண்டும். பட்டியலுக்குத்தான் இடம் அதிகம் தேவை, எனவே அதற்கு நாலு விளிம்பும்: `Top, Bottom, Left, Right`. எதிரெதிர் விளிம்புகள் இரண்டையும் பிடித்திருக்கும் கண்ட்ரோல் நீண்டுதான் ஆக வேண்டும். பட்டியல் அகலத்தில் 400, உயரத்தில் 300 வளர்கிறது. தேடல் பெட்டிக்கு `Top, Left, Right`. அது அகலத்தில் மட்டும் நீண்டு 900 வரை போகும். ‘தேடு’ பொத்தானுக்கு `Top, Right`. ஒரு பக்கத்தை மட்டும் பிடித்திருப்பதால் அது நீளாமல், 510இலிருந்து 910க்கு நகரும். கீழே உள்ள இரண்டுக்கும் `Bottom, Right`. அவை மூலையோடு சேர்ந்து இறங்கும்.

இங்கே பலரும் தவறுவது ‘தேடு’ பொத்தானில்தான். பெட்டியை நீளவிட்டு, பொத்தானை மறந்துவிடுவார்கள். பெட்டி 900 வரை நீள, பொத்தான் 510இலேயே நிற்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். பெட்டி முன்னால் இருந்தால் பொத்தானே கண்ணுக்குத் தெரியாது. ஒரு கண்ட்ரோல் நீண்டால், அது நீளும் திசையில் இருக்கும் அண்டைக் கண்ட்ரோல் விலகியாக வேண்டும். ஜன்னலைப் பெரிதாக்கியதும் ஏதாவது காணாமல் போனால், முதலில் அதன் ஆங்கரைப் பாருங்கள்.

ஆங்கருக்கு ஒரு வரம்பு உண்டு. பெயருக்கும் ஊருக்குமாக இரண்டு பெட்டிகள் ஒரே வரிசையில் இருக்கின்றன, இரண்டும் சமமாக நீள வேண்டும் என்றால் ஆங்கரால் முடியாது. இரண்டுக்கும் `Left, Right` கொடுத்தால், ஒவ்வொன்றும் முழு 400 பிக்சலையும் தனக்கே எடுத்துக்கொண்டு மோதிக்கொள்ளும். பங்கு போட ஆங்கருக்குத் தெரியாது. அங்கே `TableLayoutPanel` வைத்து, இரண்டு பத்திகளுக்கும் 50 சதவீதம் கொடுத்து, பெட்டிகளை அதனுள் போட வேண்டும். அப்போது ஆங்கர் அந்தக் கட்டத்தின் விளிம்புகளைப் பார்த்து வேலை செய்யும்.

அடுத்தது டாக். இது ஒரு விளிம்பை முழுமையாக ஆக்கிரமிக்கும். மெனு மேல் விளிம்பு முழுக்க, நிலைப்பட்டை கீழ் விளிம்பு முழுக்க, வகைகளின் பட்டியல் இடது ஓரம் முழுக்க. மிச்சம் இருப்பதை `Fill` கொடுத்த கண்ட்ரோல் நிரப்பிக்கொள்ளும். ஒரு கண்ட்ரோலுக்கு ஆங்கர், டாக் இரண்டில் ஒன்றுதான் செல்லும். கடைசியாகக் கொடுத்ததே நிற்கும்.

டாக்கில் சிக்கல் வருவது வரிசையில். பின்னால் இருக்கும் கண்ட்ரோலுக்கு முதலில் இடம் கிடைக்கும், முன்னால் இருப்பதற்குக் கடைசியில். எனவே `Fill` கொடுத்தது எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். அது பின்னால் போய்விட்டால், முதல் ஆளாக வந்து ஃபார்ம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மெனு அதன்மேல் வந்து உட்காரும். பட்டியலில் பத்தித் தலைப்புகளைக் காணவில்லை, முதல் வரி எங்கே என்று தேடுகிறீர்கள் என்றால் நடந்தது இதுதான். பட்டியலின் மேல் வலது கிளிக் செய்து `Bring to Front` கொடுத்தால் சரியாகிவிடும். நிரலில் சேர்ப்பதானால் வரிசை இப்படி:

```csharp
Controls.Add(dgvItems);
Controls.Add(pnlLeft);
Controls.Add(statusStrip1);
Controls.Add(menuStrip1);
```

முதலில் சேர்த்தது முன்னால் நிற்கும், கடைசியில் சேர்த்த மெனுவுக்கு முதல் இடம் கிடைக்கும்.

நடைமுறையில் இரண்டையும் சேர்த்தே கையாள்வது நல்லது. கீழே ஒரு பேனலை `Dock = Bottom` என்று வைத்து, ‘சேமி’, ‘மூடு’ பொத்தான்களை அதனுள் போட்டு `Top, Right` ஆங்கர் கொடுங்கள். ஃபார்மைப் பிரிப்பது டாக்கின் வேலை, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இடத்தைக் காப்பது ஆங்கரின் வேலை. இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பொத்தான் பார்ப்பது பேனலின் விளிம்பை மட்டுமே. பேனல் விரியவில்லை என்றால், உள்ளே எந்த ஆங்கர் கொடுத்தும் பயனில்லை.

விரிவதைப் போலவே சுருங்குவதையும் கவனிக்க வேண்டும். ஜன்னலைச் சுருக்கிக்கொண்டே போனால், தேடல் பெட்டியின் அகலம் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகும், பட்டியலும் அப்படியே. ஃபார்மின் `MinimumSize` பண்பில் ஒரு கீழ் எல்லை வைத்துவிடுங்கள். ஃபார்மை வடிவமைத்த அளவையே `Size` பண்பிலிருந்து எடுத்து அங்கே கொடுத்தால் போதும். உள்பரப்பின் அளவைக் கொடுத்துவிடாதீர்கள். `MinimumSize` கணக்கில் தலைப்புப் பட்டையும் ஓரங்களும் சேரும் என்பதால், உள்ளே இடம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

முப்பது கண்ட்ரோல் வைத்து முடித்தபின் ஆங்கரைச் சரிபார்க்க உட்கார்ந்தால், எது எதன்மேல் ஏறுகிறது என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் போய்விடும். ஒரு கண்ட்ரோலை ஃபார்மில் வைத்த கையோடு அது எந்த விளிம்பைச் சேர்ந்தது என்று முடிவு செய்து ஆங்கரையோ டாக்கையோ கொடுத்துவிடுங்கள். அடுத்ததை அதன் பிறகு வையுங்கள்.