தூசியை விடக் கொடியது தேய்ந்த ஊசி

எல்.பி. இசைத்தட்டில் எழும் கரகரப்புக்கெல்லாம் தூசியே காரணம் என்று கருதித் தட்டைத் துடைப்பதிலேயே கவனம் செலுத்துவோர், அதன்மீது ஓடும் ஊசியைக் கவனிக்கத் தவறிவிடுகின்றனர். தூசி 'டிக்' என்று ஆங்காங்கே வெடிக்கும் ஒலியைத் தருகிறது. தேய்ந்த ஊசியோ பாடகரின் 'ச', 'ஸ' ஒலிகளைக் கிழிந்த துணிபோலச் சிதைக்கிறது. முன்னதைத் துடைத்துப் போக்கலாம், பின்னதால் விளையும் சேதம் நிலைத்துவிடுகிறது.

தட்டு சுழலும்போதே கரியிழைத் தூரிகையை வரிகளின்மீது மெதுவாகப் பிடித்து, ஓரிரு சுற்றுக்குப் பின் வெளிவிளிம்பு நோக்கி எடுத்துவிடுவது அன்றாடத் தூய்மைக்குப் போதும். படிந்த அழுக்குக்கு, காய்ச்சி வடித்த நீரில் சில துளி மென்சோப்புத் திரவம் கலந்து, நடுவிலுள்ள காகித முத்திரை நனையாமல், வரிகளின் போக்கிலேயே துடைத்து, பின்னர் வெறும் வடிநீரால் அலச வேண்டும். குழாய்நீர் உலர்ந்தால் அதிலுள்ள உப்பு வரிகளிலேயே தங்கிவிடும். அரக்கில் செய்த பழைய 78 சுற்றுத் தட்டுகளை ஆல்கஹால் கரைத்துவிடும் என்பதால், அவற்றில் அது படவே கூடாது. ஊசியைச் சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னாக மட்டுமே துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு வளைந்துவிடும்.

ஊசியின் வைரமுனை வரியின் இரு சுவர்களையும் உரசி ஓடுவதால், நாளடைவில் அதன் இரு பக்கமும் தட்டையாகின்றன. அத்தட்டைகளின் விளிம்பு உளிபோல் கூர்மையாகி, சுவரிலுள்ள நுண்ணிய அலைகளைச் செதுக்கத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற அதே வேகத்தில், வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளத்துக்கு ஓடும் வரி, முத்திரையருகே 20 செ.மீ. அளவே ஓடுவதால் அலைகள் அங்கே நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே சிதைவு முதலில் கேட்பது கடைசிப் பாட்டில்தான்.

இதைச் சோதிக்க, ஊசியைத் துடைத்தபின், இழந்தாலும் வருந்தாத ஒரு தட்டில் முதற்பாட்டையும் கடைசிப் பாட்டையும் ஒப்பிட்டுக் கேட்கலாம். ஒரே தட்டு மட்டும் சிதைந்து ஒலித்தால் சேதம் அத்தட்டின் வரியில் இருக்கலாம். எல்லாத் தட்டுகளும் அவ்வாறே ஒலித்தால் ஊசியையோ அதன் பொருத்தத்தையோ ஐயுற வேண்டும். பொருத்தம் சரியாக இருந்தும் சிதைவு தொடர்ந்தால் ஊசியை மாற்றுவதே வழி.

காதே போதுமான அளவுகோல் என்போரும் உளர். ஆனால் காது உணரும் நேரத்தில் சில தட்டுகள் ஏற்கெனவே செதுக்கப்பட்டிருக்கும். எனவே மணிக்கணக்கு வைப்பதே பாதுகாப்பானது. ஓர் ஊசியின் ஆயுளை 500 மணி என எச்சரிக்கையாகக் கொண்டு, 40 நிமிடம் ஓடும் ஒரு தட்டை நாள்தோறும் கேட்டால், 750 தட்டுகளில், அதாவது ஏறக்குறைய ஈராண்டில், அது முடிந்துவிடும். ஊசி மாற்றிய தேதியைக் கருவியின் அடியில் ஒட்டிவைப்பவர், பின்னர் வாங்கும் புதிய ஊசியாலும் மீட்க முடியாத வரிகளை முன்கூட்டியே காத்துக்கொள்கிறார்.