சஹர் மாத்திரையும் அஸர் நேரத்துத் தலைசுற்றலும்

ரமலான் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிக்குப் பசியைவிடப் பெரிய ஆபத்து, விடியற்காலை சஹரில் விழுங்கும் மாத்திரையில் இருக்கலாம். எல்லா மாத்திரையும் அப்படியல்ல. எது ஆபத்து, எது இல்லை என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கவலை தீரும்.

56 வயதுக் கடைக்காரர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். அவருக்குப் பத்து வருடமாகச் சுகர். கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று எனச் சாப்பிடுகிறார். நம் ஊரில் ஏராளமானோர் சாப்பிடும் மாத்திரைதான் இது. நோன்பு தொடங்கியதும் அவர் யாரையும் கேட்கவில்லை. காலை மாத்திரையைச் சஹருக்கும் இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் மாற்றிக்கொண்டார். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும்.

ஆனால் அந்த ஒரே மாத்திரைக்குள் இருக்கும் இரண்டு மருந்துகளும் வேலை செய்யும் விதம் வேறு. மெட்ஃபார்மின், கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும். தனியாகச் சாப்பிட்டால் சுகரை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா, இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதன் வேகம் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நீடிக்கும். வழக்கமான நாளில் பத்து மணிக்கு டீ, ஒரு மணிக்குச் சோறு என்று ஏதாவது உள்ளே போய் ஈடுகட்டிவிடும். நோன்பு நாளில் சுமார் 13, 14 மணி நேரத்துக்கு எதுவும் போகாது. மதியத்துக்கு மேல் கல்லீரலின் சேமிப்பும் குறைந்துகொண்டே வர, மருந்து மட்டும் வேலையை நிறுத்தாது.

மாலை நாலரை மணி. கடைக்காரருக்கு உள்ளங்கை வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பில்லில் எழுதிய தொகையையே மறுபடி மறுபடி கூட்டுகிறார். எதிரில் நின்ற வாடிக்கையாளரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். சுகர் இறங்கும்போது மூளை தடுமாறுவதன் அடையாளம்தான் அந்த எரிச்சலும். கடைப் பையன் குளுக்கோமீட்டரை எடுத்துவந்து குத்திப் பார்த்தால் 61.

மஃரிபுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. “இவ்வளவு நேரம் தாக்குப்பிடிச்சாச்சு, இன்னும் கொஞ்சம்தானே?” என்று அவருக்குத் தோன்றுகிறது. உயிரை எடுக்கக்கூடியது இந்த எண்ணம்தான். 70க்குக் கீழே போனால் நோன்பை அந்த நிமிடமே திறந்துவிட வேண்டும். பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் சரிதான். சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பும் ரமலான் நீரிழிவுக் கூட்டமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. மீட்டர் கையில் இல்லாதபோது நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வந்தாலே போதும், எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியபின் அப்படியே விட்டுவிடவும் கூடாது: கிளிமிபிரைடு இன்னும் உடம்பில் இருப்பதால் சுகர் மீண்டும் இறங்கும். நாலு இட்லியோ ஒரு தட்டுச் சோறோ சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. சுகர் 300ஐத் தாண்டினாலும் நோன்பைத் திறக்க வேண்டும். வாய் வறண்டு, சிறுநீர் அடிக்கடி போய், உடம்பிலிருந்து தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் நிலை அது. வாந்தி, பேதி, காய்ச்சல், நெஞ்சுவலி வந்தாலும் அன்றைக்கு நோன்பு வேண்டாம்.

விரலில் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பலர் நம்பி, பகல் முழுவதும் மீட்டரைத் தொடுவதில்லை. முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். நம் கடைக்காரர் மதியம் ஒரு மணிக்கு ஒருமுறை பார்த்திருந்தால், சுகர் இறங்கத் தொடங்கியது அப்போதே தெரிந்திருக்கும். 70க்கும் 90க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும்.

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பதைக் குர்ஆனின் இரண்டாவது அத்தியாயமே சொல்கிறது. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். அதற்கும் உடல் இடம் கொடுக்காதவர்கள் ஃபித்யாவாக ஏழைக்கு உணவளிக்கலாம். ஆகவே நாலரை மணிக்குச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தவர் குற்ற உணர்வோடு உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

மறுநாள் அவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் மாத்திரைகளை இடம் மாற்றுகிறார். பெரிய சாப்பாடு இப்போது இஃப்தாரில் என்பதால் முழு மாத்திரை இஃப்தாருக்கு. சஹருக்கு மெட்ஃபார்மின் 500 அப்படியே, கிளிமிபிரைடு மட்டும் பாதியாக, 1 மில்லிகிராம். இதற்காக இரண்டு மருந்தையும் தனித்தனி மாத்திரையாக எழுதிக் கொடுக்கிறார். கூட்டு மாத்திரையை வீட்டில் உடைத்துப் பாதியாக்கக் கூடாது. அதில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால், உடைத்ததும் மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். இந்த அளவு இவருக்கானது. இதைப் பார்த்து அடுத்தவர் தன் மருந்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. காலையும் இரவும் கலப்பு இன்சுலின் போடுபவருக்கு, வழக்கமான காலை அளவு இஃப்தாருக்கு வரும். இரவு அளவு ஏறக்குறைய பாதியாகிச் சஹருக்குப் போகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள். தண்ணீரும் கூடவே போகும் என்பதால் அவற்றை இஃப்தாரில்தான் சாப்பிட வேண்டும். நோன்பு நெருங்கும்போது புதிதாகத் தொடங்கவும் கூடாது.

சிலர் நோன்பே வைக்காமல் இருப்பதுதான் சரி. சுகர் கட்டுக்குள் வராத முதல் வகை நோயாளிகள், கடந்த மூன்று மாதத்தில் சுகர் இறங்கி மயங்கியவர்கள், இறங்குவதே தெரியாதவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் அந்த வரிசையில் வருவார்கள். 2001இல் 13 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளிடையே மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சுகர் இறங்குவது ரமலானில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. யார் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல, நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

பெருநாள் காலையில் இன்னொரு தவறு காத்திருக்கிறது. ஒரு மாதம் பழகிய சஹர் அளவையே காலை உணவோடும் தொடர்ந்துவிடுவார்கள். அன்றைக்குச் சேமியா, பிரியாணி, இனிப்பு என்று பகலெல்லாம் சாப்பாடு, மருந்தோ பாதி. இரவுக்குள் சுகர் எகிறிவிடும். நம் கடைக்காரரின் மருந்துச் சீட்டில், பெருநாள் முதல் பழைய மாத்திரையைப் பழைய நேரத்திலேயே சாப்பிட வேண்டும் என்று டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.