சலிப்பூட்டும் திரையே நல்ல திரை

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளில் நெடுங்காலம் இருந்த கணினித் திரைகள் திருவிழாப் பந்தல் போல மின்னின. கறுப்புப் பின்னணி, ஓடும் பம்புக்குப் பச்சை, நிற்கும் பம்புக்குச் சிவப்பு, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு நிறம். உலைக்குள் அசையும் தீச்சுடர்கூட வரைந்திருப்பார்கள். ஆலையைப் பார்க்க வரும் விருந்தினருக்கு அது பிடிக்கும். பன்னிரண்டு மணி நேரம் அதன் முன்னால் உட்காரும் ஆபரேட்டருக்கு அது உதவாது.

காரணம் எளிது. எந்த ஆலையிலும் மாற்றுப் பம்பு ஒன்று சும்மா நிற்கும். பழைய முறையில் அது எந்நேரமும் சிவப்பாகவே தெரியும். திரையில் எப்போதும் பத்து இடங்களில் சிவப்பு இருந்தால், பதினோராவதாக வரும் சிவப்பு கண்ணில் படாது. அபாயத்தைச் சொல்ல வேண்டிய நிறத்தை வழக்கமான நிலைக்கே செலவழித்துவிட்டோம்.

நிறத்தைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் இருந்த பிபி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரத்தை மறுபடி இயக்கத் தொடங்கினார்கள். உயரம் 170 அடி. திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடியிலிருந்து வெளியேறும் வால்வு மூன்று மணி நேரம் மூடியே இருந்தது. மட்டமானி கோபுரத்தின் அடிப்பகுதி ஒன்பது அடிக்கு மட்டுமே அளக்கக்கூடியது. திரவம் சூடாகி அடர்த்தி குறையக் குறைய அந்தக் கருவி தவறாகக் காட்டியது: உள்ளே மட்டம் ஏறிக்கொண்டிருக்க, திரையில் எண் மெல்ல இறங்கி 78 சதவீதத்துக்கு வந்தது. அப்போது உண்மையான மட்டம் சுமார் 158 அடி. கோபுரம் நிரம்பி வழிந்து, எரிதிரவம் வெளியே பீறிட்டுத் தீப்பிடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் காட்டிய பல காரணங்களில் திரையும் ஒன்று. உள்ளே போகும் அளவு ஒரு திரையிலும் வெளியே வரும் அளவு இன்னொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் கழித்து, கோபுரத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்ல எந்த இடமும் இல்லை.

அந்தத் திரையை இன்றைய முறையில் வரைந்தால் எப்படி இருக்கும்? பின்னணி வெளிர் சாம்பல். கோபுரமும் குழாய்களும் அடர் சாம்பல் கோடுகள். ஓடும் பம்பு வெளிறிய நிரப்பு, நிற்கும் பம்பு இருண்ட நிரப்பு. பச்சையும் சிவப்பும் அங்கே இல்லை. வரவும் போக்கும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அலகில். அவற்றின் கீழே வித்தியாசம். வித்தியாசத்துக்குப் பக்கத்தில், கடந்த சில மணி நேரத்தின் போக்கைக் காட்டும் சிறு வரைகோடு. வரவு போக்கைவிட மிஞ்சிக்கொண்டே இருந்தால் கோடு தொடர்ந்து மேலேறும். அதே நேரம் மட்டம் இறங்குவதாகக் காட்டினால், இரண்டில் ஒன்று பொய் என்பது பார்த்தவுடன் தெரியும்.

வெறும் எண்ணையும் அப்படியே விடுவதில்லை. 78 என்றால் நல்லதா கெட்டதா என்று எண் தானாகச் சொல்லாது. ஆகவே ஒரு செங்குத்துப் பட்டை வரைந்து, வழக்கமான எல்லையை அதில் சற்று அடர்த்தியான பகுதியாகக் காட்டி, இப்போதைய அளவை ஒரு சிறு முள்ளாக வைக்கிறார்கள். பத்துப் பட்டைகளை வரிசையாக வைத்தால், எல்லா முட்களும் நடுவில் இருக்கும்வரை கண் நிற்காமல் தாண்டிப்போகும். ஒன்று விலகினால் அங்கே நின்றுவிடும். மட்டமானியின் அளவெல்லை எங்கே முடிகிறது என்பதையும் அந்தப் பட்டையிலேயே காட்டிவிடலாம். டெக்சாஸ் சிட்டியில் அது மிக முக்கியமான தகவலாக இருந்திருக்கும்.

பளிச்சென்ற நிறங்கள் அலாரத்துக்கு மட்டுமே ஒதுக்கப்படுகின்றன. அதுவும் நிறத்தை மட்டும் நம்பாமல், அவசர நிலைக்கு ஏற்ப வெவ்வேறு வடிவமும் உள்ளே ஓர் எண்ணும் சேர்த்து. ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டு. ஒத்துக்கொள்ளாத அலாரம் மட்டும் மினுக்கும். ஆபரேட்டர் கவனித்ததாக அழுத்தியதும் நிற்கும். 2015-ல் வந்த ஐஎஸ்ஏ-101 தரநிலை, இத்தகைய திரைகளை எப்படித் திட்டமிட்டு, வடிவமைத்து, பராமரிக்க வேண்டும் என்று சொல்கிறது.

சாம்பல் திரையை முதலில் பார்க்கும் ஆபரேட்டர்கள் பலர் முகம் சுளிப்பார்கள், அதில் வியப்பில்லை. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்: பின்னணியை மட்டும் சாம்பலாக்கிவிட்டு, பழைய எண்களை அதே இடத்தில் விட்டுவிட்டு, புதிய முறை வந்துவிட்டதாகச் சொல்லும் ஆலைகள். வரவும் போக்கும் இன்னும் இரண்டு திரைகளில் இருந்தால் சாம்பலால் ஒரு பயனும் இல்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வழக்கமான எல்லை என்பது ஆலை சீராக ஓடும்போது உள்ள எல்லை. கோபுரத்தை இயக்கத் தொடங்கும்போது முட்கள் எல்லாமே இடம் மாறித்தான் நிற்கும். டெக்சாஸ் சிட்டி விபத்து நடந்ததும் அந்த வேளையில்தான். ஆகவே இயக்கத் தொடங்கும் நேரத்துக்கென்று தனித் திரை வேண்டும்; அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய எல்லையும், வரவு தொடங்கி இத்தனை நிமிடத்துக்குள் போக்கும் தொடங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கும் இருக்க வேண்டும்.